சாட்பொட் எழுதிய கறுவா விளக்கத்தைப் புறக்கோட்டைக் கடை அப்படியே போட்டுவிட்டது: அது யாருடைய சொத்து?

கறுவாக்கடை_வெள்ளவத்தை | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு வாசனைத் திரவியக் கடை நடத்துகிறோம். போன வருடக் கடைசியில் இணையத்தளம் ஒன்றும் போட்டோம். அக்காவின் மகள்தான் எல்லாம் செய்து தந்தாள். படங்களை அவளே எடுத்தாள், எழுத்துக்குச் சாட்பொட்டைப் பிடித்தாள். விலை, நிறை, சரக்கு காலிப் பக்கம் இருந்து வருகிறது என்பதையெல்லாம் கொடுத்தோம். அழகாக எழுதித் தந்தது. கொஞ்சம் மாற்றி, கொஞ்சம் சேர்த்துப் போட்டோம்.

போன கிழமை ஒரு வாடிக்கையாளர் ஒரு பேஸ்புக் பக்கத்தைக் காட்டினார். புறக்கோட்டையில் ஒரு கடை எங்களுடைய கறுவா விளக்கத்தை வரிக்கு வரி போட்டிருக்கிறது. படமும் எங்களுடையதுதான். மேசையில் கிடக்கிற எங்கள் சிவப்புத் துணி கூட அதில் தெரிகிறது! போன் எடுத்துக் கேட்டேன். அந்த ஆள் சிரித்துக்கொண்டே, “அது ஏ.ஐ. எழுதினதுதானே, உங்கட சொத்தா? எங்களுக்கும் அப்படித்தான் எழுதித் தந்தது” என்கிறார்.

அது என்னுடையதா இல்லையா? வக்கீல் கடிதம் அனுப்பலாமா? இனிமேல் இப்படி எழுத்தைப் போடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

கோட்_தம்பி | திங்கள், இரவு 10.05

அண்ணா, யோசிக்கவே வேண்டாம், அது உங்களுடையதுதான். நான் பம்பலப்பிட்டியில் வெப்சைட் செய்து கொடுக்கிறேன், இந்தக் கேள்வி மாதம் ஒரு முறையாவது வரும். ஓப்பன்ஏஐ நிபந்தனைகளிலேயே இருக்கிறது, வருகிற எழுத்தின் உரிமை பாவிக்கிறவருக்கு என்று. அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கடிதத்தோடு வைத்து அனுப்புங்கள். ஆள் அடங்கிவிடுவார்.

மெயின்ஸ்ட்ரீட்_சாரி | திங்கள், இரவு 10.31

கடைப் பெயரைப் பதிவு செய்திருக்கிறீர்களா, தம்பி? எங்களுக்கும் இதே பிரச்சினை வந்தது. எங்கள் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி இரண்டு கடை தள்ளி ஒருவர் போர்ட் போட்டார். வர்த்தகக் குறியைப் பதிந்து வைத்திருந்ததால் தப்பினோம். முதலில் அதைச் செய்யுங்கள். பத்து வருடத்துக்கு நிற்கும், பிறகு புதுப்பிக்கலாம்.

புதுக்கடை12 | செவ்வாய், காலை 6.50

நீதிமன்றப் பக்கம் வேலை. புலமைச் சொத்து வழக்குகள்தான் அதிகம் பார்க்கிறேன். கோர்ட்டுக்குப் புறப்படுவதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சாரிக் கடை அண்ணா சொன்னது சரியான விஷயம், ஆனால் வேறு விஷயம். குறி, பெயர், லோகோ இவற்றுக்கு “யார் எழுதினார்” என்ற கேள்வியே எழாது. சாட்பொட் யோசித்துத் தந்த பெயராக இருந்தாலும் பதியலாம். வேறொருவர் ஏற்கெனவே பதியவில்லையா, பெயர் சரக்கையே வர்ணிக்காமல் தனித்துத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். இந்தத் தம்பியிடமிருந்து போனது பெயர் இல்லை, எழுத்தும் படமும். அது பதிப்புரிமை. அதற்கு இங்கே பதிவு என்ற நடைமுறையே கிடையாது. எழுதின உடனேயே உரிமை வந்துவிடும், எழுதியது மனிதனாக இருந்தால்.

அந்த “இருந்தால்” என்பதில்தான் கோட் தம்பி தடுக்கி விழுகிறார். நிபந்தனையை இன்னொரு தடவை வாசியுங்கள். “எங்களுக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதை உங்களுக்கு மாற்றித் தருகிறோம்” என்ற கருத்தில்தான் அது இருக்கும். இருந்தால்! அது கம்பெனிக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள ஒப்பந்தம். கம்பெனி உங்களிடம் வந்து “அது எங்களுடையது” என்று கேட்காது, அவ்வளவுதான். புறக்கோட்டைக்காரர் அந்த ஒப்பந்தத்தில் ஆளே இல்லை. அவரைத் தடுக்க வேண்டுமென்றால் உரிமை சட்டத்திலிருந்து வர வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோன் என்று சொல்வது படைப்பை ஆக்கிய இயற்கை ஆளை. இயற்கை ஆள் என்றால் உடலும் உயிரும் உள்ளவர். கம்பெனியே ஆக்கியோன் ஆக முடியாது என்னும்போது மெஷின் எப்படி ஆகும்?

தம்பி, அந்த விளக்கத்தை இங்கே அப்படியே போடுங்கள். எந்த வரியை யார் எழுதினார் என்று அக்கா மகளிடம் கேட்டு எழுதுங்கள். மத்தியானம் வந்து பார்க்கிறேன்.

கோட்_தம்பி | செவ்வாய், காலை 8.15

சரி அக்கா, “இருந்தால்” என்று இருப்பதை நான் கவனிக்கவில்லை. ஆனால் அப்படிப் பார்த்தால் புறக்கோட்டைக்காரர் சொல்வது முழுக்கச் சரியாகிவிடுமே? அமெரிக்காவில் கோர்ட்டே சொல்லிவிட்டது, ஏ.ஐ. செய்ததற்குப் பதிப்புரிமை கிடையாது என்று. 2025இல் தாலர் வழக்கு. அப்படியென்றால் யாரும் யாருடையதையும் எடுக்கலாம். கேஸ் முடிந்தது.

மருதானை_அச்சகம் | செவ்வாய், காலை 9.02

இந்தக் கேள்வி என் கல்லாவையே தொடுகிறது, அதனால் எழுதுகிறேன். முன்பெல்லாம் ஆட்கள் துண்டுப்பிரசுரத்துக்குக் கையால் எழுதிக்கொண்டு வருவார்கள். நாங்கள் பிழை திருத்தி அடிப்போம். இப்போது எல்லோரும் வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பாதி ஏ.ஐ. எழுதினது என்று பார்த்தவுடன் தெரியும். எப்படி என்றால், கொழும்பில் எந்தக் கடைக்காரர் கறுவாவை “இலவங்கப்பட்டை” என்று எழுதுவார்? தொலைபேசி இலக்கம் என்பதற்கு “எண்” என்று வரும். போன மாதம் இரண்டு டியூட்டரி, ஒன்று கொட்டாஞ்சேனை, ஒன்று தெஹிவளை, ஒரே வாசகத்தோடு வந்தார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. “கனவுகளுக்குச் சிறகு” என்று தொடங்கி நாலு வரி, கிட்டத்தட்ட ஒன்றேதான். நான் இருவருக்கும் அடித்துக் கொடுத்துவிட்டேன். பிறகு ஒருவர் வந்து, “நீங்கள்தான் என் வாசகத்தை மற்றவனுக்கு விற்றீர்கள்” என்று சண்டை. என்ன சொல்வது?

கறுவாக்கடை_வெள்ளவத்தை | செவ்வாய், மதியம் 12.20

அக்கா கேட்டபடி போடுகிறேன். மருமகளிடமும் கேட்டுவிட்டேன்.

“இலங்கையின் தென்கரையில் விளையும் அசல் சிலோன் கறுவா, மென்மையான நறுமணத்தாலும் மெல்லிய பட்டையாலும் உலகப் புகழ் பெற்றது. எங்களது ஆல்பா தரக் கறுவா, பரம்பரை பரம்பரையாகக் கைதேர்ந்தவர்களால் உரிக்கப்படுகிறது. தினமும் சேர்த்துக்கொண்டால் இரத்தச் சர்க்கரையைக் குறைத்து நீரிழிவைத் தடுக்கும். எங்கள் அம்மம்மா பாலைக் கொதிக்க விட்டுக் கறூவாவைப் போடமாட்டார். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு துண்டை முறித்துப் போட்டு மூடி வைப்பார். ‘கொதிச்சால் கைக்கும்’ என்பார்.”

முதல் மூன்று வரியும் சாட்பொட் எழுதியது. “இலவங்கப்பட்டை” என்று வந்ததைக் கறுவா என்று மாற்றியது மட்டும் நாங்கள். அம்மம்மா பகுதி முழுக்க மருமகள் தானே எழுதியது. அதில் “கறூவா” என்று ஒரு இடத்தில் பிழை விட்டிருக்கிறாள். புறக்கோட்டைப் பக்கத்திலும் அந்தப் பிழை அப்படியே இருக்கிறது!

புதுக்கடை12 | செவ்வாய், பிற்பகல் 2.45

அந்தப் பிழைக்காக மருமகளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.

அச்சகத்து அண்ணா சொன்னது நடக்கக்கூடியதுதான். ஒரே மாதிரிக் கேள்வி போனால் ஒரே மாதிரிப் பதில் வரும். வருகிற எழுத்து உங்களுக்கு மட்டுமே உரியதாக இருக்கும் என்று உறுதி இல்லை என்பது அந்த நிபந்தனைகளிலேயே இருக்கிறது. ஆகவே டியூட்டரிக்காரர் இருவரும் உண்மை சொல்லியிருக்கலாம். புறக்கோட்டைக்காரர் சொல்வது உண்மையாக இருக்க முடியாது. “கறூவா” என்ற அதே பிழையையும் உங்கள் அம்மம்மாவையும் சிவப்புத் துணியையும் எந்த சாட்பொட்டும் அவருக்குத் தனியாகக் கொடுத்திருக்காது. அவர் எடுத்தது உங்கள் பக்கத்திலிருந்துதான்.

எடுத்தார் என்பது வேறு, எடுத்ததில் உங்கள் உரிமை எது என்பது வேறு. வரி வரியாகப் பார்ப்போம்.

முதல் வரி, யாரும் சொல்லக்கூடிய பொதுத் தகவல், அதையும் மெஷின்தான் கோத்தது. ஒரு சொல்லை மாற்றியதால் அது உங்கள் படைப்பாகிவிடாது. அந்த வரிக்காக நான் கடிதம் எழுதமாட்டேன். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. அவற்றில் வேறு சிக்கலும் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன். அம்மம்மா பகுதி மருமகளின் சொந்த எழுத்து. சின்னதுதான், ஆனால் அதில் ஒரு ஆள் தெரிகிறார், ஒரு பேச்சு இருக்கிறது. பாலில் கறுவாவை எப்போது போடுவது என்ற குறிப்பு யாருக்கும் சொந்தமில்லை, அதை அவள் சொன்ன விதம் அவளுக்குச் சொந்தம். படம் அதைவிடத் தெளிவு. சொந்தக் கமெரா, சொந்த மேசை.

கோட் தம்பி, தாலர் வழக்கைப் பற்றி. அதில் தாலர் என்பவர் ஒரு படத்துக்குத் தன் மெஷினை மட்டுமே ஆக்கியோன் என்று போட்டு விண்ணப்பித்தார். மெஷின் ஆக்கியோன் ஆக முடியாது என்று 2025 மார்ச்சில் வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மனிதன் மெஷினை வைத்துக்கொண்டு தானும் எழுதினால் என்ன என்பதை அது தீர்மானிக்கவில்லை. அதே வருடம் ஜனவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை அதைத்தான் பேசுகிறது. வெறும் கட்டளை போதாது, மனிதன் சேர்த்ததும் திருத்தியதும் அடுக்கியதும் அந்த அளவுக்குக் கணக்கில் வரும் என்கிறது. ஆகவே “யாரும் யாருடையதையும்” என்பது ரொம்பத் தூரம் போகிற பேச்சு. இதெல்லாம் அமெரிக்கா. எங்கள் நீதவானைக் கட்டுப்படுத்தாது.

கோட்_தம்பி | செவ்வாய், பிற்பகல் 3.10

இங்கிலாந்தில் மெஷின் செய்ததற்கும் உரிமை உண்டு என்று எங்கேயோ வாசித்தேனே? எங்கள் சட்டம் அங்கிருந்துதானே வந்தது?

புதுக்கடை12 | செவ்வாய், பிற்பகல் 3.30

நல்ல கேள்வி. இங்கிலாந்தின் 1988 சட்டத்தில் 9(3) என்று ஒரு பிரிவு. மனித ஆக்கியோன் இல்லாமல் கணினி உருவாக்கிய எழுத்துக்கு, அதற்கான ஏற்பாடுகளைச் செய்தவரை ஆக்கியோனாகக் கொள்ளலாம் என்கிறது. 50 வருடம் பாதுகாப்பு. இந்தியச் சட்டத்திலும் அதே சாயலில் ஒரு வரி உண்டு. எங்கள் 2003 சட்டத்தில் அப்படி ஒரு வரி வைக்கவில்லை. நாளைக்கு ஒரு சட்டத்தரணி எழுந்து நின்று “கட்டளை எழுதியவர்தான் ஆக்கியவர்” என்று வாதாடலாம். நானே கூலி வாங்கிக்கொண்டு வாதாடுவேன். ஆனால் ஒரு பக்கெட் கறுவாவுக்காக அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கத் தம்பியிடம் காசு இருக்கிறதா?

காலிப்பட்டை | செவ்வாய், மாலை 5.55

சட்டம் எனக்குத் தெரியாது. முப்பது வருடமாகக் கறுவா வாங்கி விற்கிறேன். இரண்டாவது வரியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை. தம்பி, உங்களிடம் இருப்பது உண்மையிலேயே ஆல்பாவா? ஆல்பா என்றால் குச்சியின் விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பென்சிலை விட மெல்லிசு. விலையும் அதற்கேற்ற மாதிரி உச்சத்தில் இருக்கும். நீங்கள் வாங்கின பில்லில் என்ன எழுதியிருக்கிறது?

கறுவாக்கடை_வெள்ளவத்தை | செவ்வாய், இரவு 8.20

ஐயா, பில்லைத் தேடி எடுத்தேன். “H1” என்று இருக்கிறது. கடையில் ஒரு குச்சியை எடுத்து ரூலரில் வைத்தேன். 20 மில்லிமீட்டருக்குப் பக்கம் வருகிறது. என் பெருவிரல் தடிப்பு.

காலிப்பட்டை | செவ்வாய், இரவு 8.34

அது ஹம்பர்க் தரம். நல்ல சரக்குதான், கறிக்குப் போட அதுதான் வேண்டும். ஆனால் ஆல்பாவுக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆல்பா என்று நீங்கள் அதற்குச் சொன்னீர்களா?

கறுவாக்கடை_வெள்ளவத்தை | செவ்வாய், இரவு 8.41

இல்லை ஐயா. நாங்கள் தரம் எதையும் கொடுக்கவில்லை. மருமகள் பழைய உரையாடலைத் திறந்து காட்டினாள். “காலிக் கறுவா, 100 கிராம் பக்கெட், நல்ல தரம்” என்று மட்டும்தான் கொடுத்திருக்கிறாள். “நல்ல தரம்” என்பதை அது ஆல்பா ஆக்கிவிட்டது. எங்களுக்கும் அந்தச் சொல் கேட்க நன்றாக இருந்தது.

மருதானை_அச்சகம் | செவ்வாய், இரவு 9.00

ஹா! லேபலும் அப்படித்தான் அடித்தீர்களா?

கறுவாக்கடை_வெள்ளவத்தை | செவ்வாய், இரவு 9.04

ஆயிரம் லேபல். முந்நூறுக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

புதுக்கடை12 | புதன், காலை 6.40

நேற்றுக் கடைசியில் வருகிறேன் என்று சொன்ன விஷயம் இதுதான். காலி ஐயா எனக்கு முன்பே வந்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். நேற்றுக் காலை நான் ஒன்றும் கேட்காமல் “இந்த முழு விளக்கமும் எங்கள் கட்சிக்காரருடையது, அவரே எழுதியது” என்று கடிதம் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆல்பா என்று பொய் சொன்னவர் தாங்கள்தான் என்று கையொப்பம் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். உரிமை கேட்கப் போனால் பொறுப்பும் கூடவே வரும். உரிமை கேட்காவிட்டாலும் பொறுப்பு போகாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் 30, 31ஆம் பிரிவுகளைப் பாருங்கள். ஏமாற்றுகிற மாதிரி நடக்கக்கூடாது, பொருளின் தரத்தைப் பொய்யாகச் சொல்லக்கூடாது என்கின்றன. வாசகத்தை யார் எழுதினார் என்று அவை கேட்பதில்லை. வர்த்தகர் யார் என்றுதான் கேட்கின்றன.

மூன்றாவது வரி இன்னும் மோசம். உணவுப் பொருளை விற்கிறவர், அது நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று லேபலிலோ விளம்பரத்திலோ போட உணவுச் சட்டத்தின் கீழ் இடமில்லை. எங்கள் ஏரியா பீ.எச்.ஐ. கண்ணில் பட்டால் முதலில் அதைத்தான் கேட்பார். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கறுவாத் தண்ணீர் குடித்த ஒரு மாமியை எனக்குத் தெரியும், ஆகவே சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

தம்பி, இன்றே அந்த இரண்டு வரியையும் தளத்திலிருந்து எடுங்கள். எடுப்பதற்கு முன் பக்கத்தைத் திகதியோடு சேமித்து வையுங்கள். அவர்கள் பக்கத்தையும் அப்படியே.

கோட்_தம்பி | புதன், காலை 9.25

சாட்பொட் சொன்னதற்குக் கடைக்காரர் எப்படிப் பொறுப்பாவார்? அது சொன்னதை அவர் நம்பினார், அவ்வளவுதானே. “ஏ.ஐ. உதவியுடன் எழுதப்பட்டது, பிழை இருக்கலாம்” என்று கீழே போட்டுவிட்டால் போதாதா? நான் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

புதுக்கடை12 | புதன், மதியம் 1.10

எயார் கனடா அதைத்தான் முயன்றது. அவர்கள் தளத்தில் இருந்த சாட்பொட், மரண வீட்டுக்குப் போகிறவருக்கான கட்டணக் கழிவைப் பிறகு விண்ணப்பித்துப் பெறலாம் என்று ஒரு பயணிக்குப் பிழையாகச் சொல்லிவிட்டது. சாட்பொட் தனக்குத்தானே பொறுப்பான வேறொரு தரப்பு என்ற மாதிரி கம்பெனி வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயம் 2024 பெப்ரவரியில் அதை ஏற்கவில்லை. தளத்தில் இருப்பதெல்லாம் கம்பெனியின் பொறுப்பு, அது சாதாரணப் பக்கமாக இருந்தாலும் சாட்பொட்டாக இருந்தாலும் ஒன்றுதான் என்றது. தொகை சின்னது, சுமார் 800 கனேடிய டொலர். ஆனால் அந்த வாதத்தை இனி யாரும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

அந்த அடிக்குறிப்பு வாங்குகிறவருக்கு என்ன சொல்கிறது? “இது ஆல்பாவா என்று நாங்களே பார்க்கவில்லை” என்று. அதைப் போடுவதை விட ரூலரை எடுப்பது சுலபம்.

கோட்_தம்பி | புதன், மதியம் 1.32

ரூலர் கதை சரி. ஆனால் ஒரு மாதத்துக்கு நாற்பது பொருள் ஏற்றுகிற கடைக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா அக்கா?

மருதானை_அச்சகம் | புதன், பிற்பகல் 2.15

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன், அந்தச் சண்டைக்குப் பிறகு பழகினது. ஆட்கள் கொடுக்கிற வாசகத்தை ஒரு தாளில் எடுத்து, அவர் முன்னாலேயே சிவப்புப் பேனாவால் கோடு போடுவேன். இலக்கம், தரப் பெயர், இடப் பெயர், “முதல்”, “ஒரே”, “நூறு வீதம்”, “அங்கீகரிக்கப்பட்ட”, நோய்ப் பெயர். இப்படி வருகிற எல்லாவற்றின் கீழும் கோடு. பிறகு ஒவ்வொன்றுக்கும் “இது எங்கே இருந்து வந்தது?” என்று கேட்பேன். பில், சான்றிதழ், ஏதாவது காட்டினால் விடுவேன். “அதுவே போட்டது” என்றால் வெட்டுவேன். ஒரு துண்டுப்பிரசுரத்துக்குப் பத்து நிமிடம். போன கிழமை ஒரு தேயிலைக்காரர் “சிங்க இலச்சினை பெற்றது” என்று கொண்டுவந்தார். தேயிலைச் சபையின் அனுமதிக் கடிதம் எங்கே என்றேன். முழித்தார்.

மற்றது, தமிழில் மட்டும் வாசித்துவிட்டு மூன்று மொழியிலும் அடிக்கச் சொல்வார்கள். சிங்களத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. என் மெஷின்காரப் பையன் சிங்களவன், அவனிடம் வாசிக்கக் கொடுப்பேன். ஒரு முறை அவன் சிரித்துக்கொண்டே இருந்தான், என்ன என்று கேட்டும் சொல்லமாட்டேன் என்றுவிட்டான். அந்த ஓடரை நிறுத்திவிட்டேன்.

புதுக்கடை12 | புதன், மாலை 6.20

அச்சகத்து அண்ணாவின் சிவப்புப் பேனாவுக்கு மேல் நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அழகாக இருக்கிற வரியை, “நானாக இருந்தால் இப்படி எழுதமாட்டேன்” என்று தோன்றுகிற வரியை, எட்டுப் பத்துச் சொல்லாக மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். வேறொருவர் தளத்திலிருந்து அப்படியே வந்திருந்தால் அகப்படும். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கித் தந்திருந்தால் அகப்படாது. ஆகவே அந்த வரியை ஆங்கிலத்திலும் போட்டு ஒரு முறை தேடுங்கள். நாங்கள் எடுக்கவில்லை, மெஷின்தான் எடுத்தது என்பது பதிப்புரிமை மீறலுக்கு விடையாகாது. பிரசுரித்தது நீங்கள்.

இனி கடிதம். தம்பி, மருமகள் உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறாளா?

கறுவாக்கடை_வெள்ளவத்தை | புதன், இரவு 8.05

இல்லை அக்கா. கம்பஸ் போகிறாள். கைச்செலவுக்குக் கொடுப்போம். ஏன்?

புதுக்கடை12 | புதன், இரவு 8.40

ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்த படைப்பென்றால், வேறுவிதமாகப் பேசியிருந்தாலொழிய, பொருளாதார உரிமை முதலாளிக்கு. அவள் ஊழியர் இல்லை. அப்படியென்றால் படமும் அம்மம்மா வரிகளும் அவளுடையவை, கடையினுடையவை இல்லை. பாவிக்கச் சொல்லித்தான் தந்தாள், ஆகவே நீங்கள் போட்டதில் குற்றமில்லை. ஆனால் இன்னொருவரைத் தடுக்கிற உரிமையைக் கடை தன் பெயரில் கேட்க வேண்டுமென்றால் அவள் அதை எழுத்தில், கையொப்பத்தோடு மாற்றித் தர வேண்டும். அரைப் பக்கம் போதும். எந்தப் படங்கள், எந்த எழுத்து, எந்தத் திகதியில், யாருக்கு என்று எழுதுங்கள். படங்களை வாங்கும்போது மூலக் கோப்புகளையும் வாங்குங்கள், கமெரா போட்ட திகதி அதில் இருக்கும்.

இதைச் செய்யாமல் பேஸ்புக்கில் முறைப்பாட்டுப் படிவம் நிரப்பப் போகாதீர்கள். அதில் நீங்கள் உரிமையாளர் அல்லது அவர் சார்பில் செயற்பட அதிகாரம் உள்ளவர் என்று பொய்ச்சத்தியக் குற்றத்துக்கு உட்பட்டு உறுதி கொடுக்கச் சொல்வார்கள். படத்தையும் அம்மம்மா பகுதியையும் மட்டும் குறிப்பிடுங்கள். முதல் மூன்று வரியைச் சேர்க்க வேண்டாம்.

மெயின்ஸ்ட்ரீட்_சாரி | புதன், இரவு 9.15

இவ்வளவு சுத்துவதற்கு நானாக இருந்தால் நேரே போய் ஒரு பிளேன்டீ குடித்துப் பேசியிருப்பேன். புறக்கோட்டையில் எல்லோரும் தெரிந்தவர்கள்தானே.

கோட்_தம்பி | புதன், இரவு 9.50

எனக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை அக்கா. நான் சாட்பொட்டோடு இருபது தடவை முன்னும் பின்னும் பேசி, “இந்தச் சொல் வேண்டாம், இப்படி மாற்று, இதை மேலே கொண்டு வா” என்று செதுக்கி எடுக்கிறேன். கடைசியில் வருகிற எழுத்தில் என் கையால் அடித்த சொல் ஒன்றும் இல்லை. ஆனால் முடிவெல்லாம் என்னுடையது. அதுவும் யாருக்கும் சொந்தமில்லையா?

புதுக்கடை12 | வியாழன், காலை 6.45

அங்கேதான் சட்டத்தரணிகளே இரண்டு கட்சி. அந்த அமெரிக்க அறிக்கை, எத்தனை தடவை கட்டளையைத் திருத்தினாலும் அது கட்டளைதான் என்ற பக்கம் சாய்கிறது. பெய்ஜிங் இணைய நீதிமன்றம் 2023இல் ஒரு பட வழக்கில் மற்றப் பக்கம் போனது. கட்டளைகளைத் தேர்ந்து, திருத்தித் திருத்தி எடுத்ததில் மனிதனின் தெரிவு தெரிகிறது என்று உரிமை கொடுத்தது. எங்கள் சட்டத்தில் இருப்பது “ஆக்கிய இயற்கை ஆள்” என்ற சொல் மட்டும். எந்தப் பக்கமும் இழுக்கலாம். ஆகவே அந்த இருபது தடவைப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள். வழக்கு வந்தால் உங்கள் பங்கைக் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். நிச்சயம் வேண்டுமென்றால் கடைசி வரைவைக் கையால் எழுதுங்கள்.

கோட்_தம்பி | வியாழன், காலை 9.30

கையால் எழுதுவதென்றால் பிறகு சாட்பொட் எதற்கு. நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் உரையாடல்களை இனி அழிக்கமாட்டேன்.

கறுவாக்கடை_வெள்ளவத்தை | பத்து நாள் கழித்து, ஞாயிறு, இரவு 7.30

நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இராது. மருமகள் கையொப்பம் வைத்துத் தந்தாள் (ஐஸ்கிரீமும் வாங்கிக்கொண்டாள்). பிளேன்டீ குடிக்கவும் போனேன், ஆள் கடையில் இல்லை என்றார்கள். பிறகு படத்துக்கும் அம்மம்மா வரிகளுக்கும் மட்டும் ஒரு கடிதம் அனுப்பினோம். மூன்றாம் நாள் இரண்டையும் எடுத்துவிட்டார். எங்கள் தளத்தில் “ஹம்பர்க் தரம், H1, கறிக்கும் பிரியாணிக்கும்” என்று மாற்றினோம். சர்க்கரை வரியை வெட்டினோம். மிச்ச லேபலில் அச்சகத்து அண்ணா ஸ்டிக்கர் ஒட்டித் தந்தார், நன்றி அண்ணா.

மற்ற மூன்று வரியும் அவர் பக்கத்தில் அப்படியேதான் இருக்கின்றன, ஆல்பாவும் நீரிழிவும் உட்பட. நேற்று ஒரு அம்மா கடைக்கு வந்து போனைக் காட்டிக் கேட்டார், “புறக்கோட்டையில ஆல்பா இதே விலைக்குத் தருகினம், நீங்கள் ஏன் தம்பி ஹம்பர்க்கை விக்கிறியள்?”

காலிப்பட்டை | ஞாயிறு, இரவு 8.12

அடுத்த முறை அவர் வந்தால் உங்கள் ரூலரைக் கையில் கொடுத்து, அங்கே போய் ஒரு குச்சியை அளந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.